முப்பத்தோராவது கேள்வி

இரவிச்சந்திரன் படியில் நின்று அந்தப் பையைக் காட்டியபோது ஆர்த்திகா கோட்டின் ஒரு கைக்குள் மட்டும்தான் கையை நுழைத்திருந்தாள். மணி மூன்றரை. ஐந்து மணிக்குப் பல்கலைக்கழகத்தில் சோதனை. அந்தச் சோதனைக்காக அவள் ஆறு வருடம் காத்திருந்தாள்.

யாழ்ப்பாணத்தில் மருந்தாளர் படிப்பை முடித்துவிட்டு வந்தவள். மொன்றியலில் அந்தப் பட்டத்தை வைத்துக்கொண்டு ஜோன்-தலோன் வீதியிலுள்ள ஒரு மருந்துக்கடையில் உதவியாளாக மாத்திரை எண்ணத்தான் முடிந்தது. இங்கே மருந்தாளராகப் பதிய வேண்டுமென்றால் வெளிநாட்டில் படித்தவர்களுக்கென்று இருக்கும் வகுப்பை முடிக்க வேண்டும். இரண்டு தரம் விண்ணப்பித்து, இரண்டு தரமும் தள்ளப்பட்டு, மூன்றாம் முறைதான் இடம் கிடைத்தது. இன்றைக்கு மருந்து ஆக்கம் பற்றிய சோதனை. தூள் மிதக்கும் சஸ்பென்ஷன், எண்ணெயும் நீரும் கலந்த எமல்ஷன், கிருமியற்ற ஊசிமருந்துகள், மருந்தின் ஆயுளைக் குறைப்பவை. எல்லாம் பிரெஞ்சில்.

"பிள்ளை, ஒரு நிமிசம் இதைப் பார்த்துச் சொல்லுங்கோ" என்றார் இரவிச்சந்திரன். "மேலை ஒரு ஆடை மாதிரிக் கிடக்கு. வழமையா இப்பிடி இருக்கிறேல்லை."

அவர் மேல்மாடிக்காரர். டோர்வல் விமான நிலையத்தில் சாப்பாடு ஏற்றும் பகுதியில் மாலை வேலை. அவருடைய மனைவி மாக்கிரட்டுக்குப் போன வருடம் குடலில் பெரும்பகுதியை வெட்டி எடுத்துவிட்டார்கள். வாயால் சாப்பிடுவது உடம்பில் ஒட்டுவதில்லை. வாரத்தில் ஆறு நாள், மாலையிலிருந்து விடியும் வரை, நெஞ்சில் பொருத்திய குழாய் வழியாக நேரே இரத்தத்துக்குள்தான் சாப்பாடு போகும். அந்தச் சாப்பாடு இந்தப் பைதான். சீனிக்கரைசலும் புரதமும் உப்புகளும் கொழுப்பும் ஒன்றாகக் கலந்து, பார்த்தால் இரண்டு லீற்றர் பால்போல இருக்கும். வைத்தியசாலைக்காரர் வாரத்துக்கு ஒரு முறை பெட்டியில் கொண்டுவந்து தருவார்கள். விற்றமினை மட்டும் ஏற்றுவதற்குச் சற்று முன்னர்தான் இரவிச்சந்திரன் ஊசியால் பைக்குள் செலுத்துவார். முன்கூட்டியே சேர்த்தால் ஒரு நாளில் அதன் பலன் போய்விடும் என்று தாதி பழக்கியிருந்தாள்.

ஆர்த்திகா பையைப் பார்த்தாள். படிக்கட்டில் ஒற்றை மஞ்சள் பல்ப். பையின் மேல்விளிம்பில் விரல்நகத்தளவு தடிப்பில் ஒரு பட்டை. அதற்குக் கீழே வெள்ளை. நேற்று முழுவதும் அவள் படித்துக்கொண்டிருந்தது இதைத்தான். எண்ணெய்த் துளிகள் உடையாமல் மேலே மிதந்து திரண்டால் அது ஆடை கட்டுவது. மெல்லப் புரட்டினால் திரும்பக் கலந்துவிடும். படித்தது கண்முன்னே நிற்கிறது என்ற சந்தோஷம் அவளுக்கு.

"இது கிரீமிங், அண்ணை. பாலிலை ஆடை கட்டுறமாதிரி. பயப்பிடாதேங்கோ. குலுக்காமல் மெதுவா ரெண்டு மூண்டு தரம் தலைகீழாப் பிரட்டுங்கோ, கலந்திடும்."

"அப்ப ஏத்தலாமோ?"

"ஓம், ஏத்தலாம்."

"இல்லை, நல்லாக் குளிர்ந்து போச்சு. காலமையிலை இருந்து ஹீட்டருக்குப் பக்கத்திலை இளகப் போட்டனான். அதாலையோ எண்டு யோசிச்சன்."

"குளிர்சாதனப் பெட்டியிலை இருந்து எடுத்தால் அப்பிடித்தான் இருக்கும், அண்ணை. நான் வாறன், சோதனைக்கு நேரம் போச்சு."

"போயிட்டு வாங்கோ. நல்லாச் செய்யுங்கோ" என்றார் அவர். பையைக் குழந்தையைத் தூக்குவதுபோல இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு படியேறினார்.

வெளியில் குளிர் முகத்தில் அறைந்தது. சனிக்கிழமை மூன்று பாகை, மழைத்தூறல். ஞாயிறு பின்னேரம் காற்றுத் திரும்பி, இன்றைக்குக் கழித்தல் இருபது. நடைபாதையில் தேங்கிய நீரெல்லாம் கண்ணாடியாக உறைந்திருந்தது. ஆர்த்திகா அக்காடி மெட்ரோவை நோக்கிச் சறுக்காமல் நடப்பதிலேயே கவனமாக இருந்தாள்.

சோதனை மண்டபத்தில் நாற்பது பேர் இருந்தார்கள். கைப்பேசிகளை அணைத்துப் பைக்குள் வைத்துப் பைகளை முன்சுவரோரம் அடுக்கச் சொன்னார்கள். நரைமுடிப் பெண்மணி ஒருவர் மேற்பார்வை. மூன்று மணித்தியாலம், அறுபது கேள்வி.

முதல் கேள்விகளுக்கு விடை உடனே வந்தது. சஸ்பென்ஷன் போத்தலில் குலுக்கிவிட்டுப் பாவிக்கவும் என்று ஏன் எழுத வேண்டும்? தூள் அடியில் படிவதால். குலுக்காமல் ஊற்றினால் முதல் கரண்டிகளில் மருந்து குறையும், கடைசிக் கரண்டிகளில் அளவுக்கு மிஞ்சும். படிவு பஞ்சுபோல் தளர்வாக இருந்தால் குலுக்கியதும் எழும்பும். இறுகிக் கட்டியானால் எழும்பாது. இருபத்திரண்டாம் கேள்வி, கொழுப்பு கலந்த ஊசிமருந்துக்கு ஏன் வழமையான நுண்வடிகட்டியை விட்டுவிட்டுப் பெரிய துளையுள்ளதைப் போடுகிறார்கள்? நுண்வடிகட்டியின் துளை கொழுப்புத் துளிகளை விடச் சிறியது, அடைத்துவிடும். அவள் எழுதிக்கொண்டே போனாள். மாக்கிரட்டின் குழாயில் இருக்கும் வட்டமான வடிகட்டி ஒரு கணம் நினைவில் வந்து போனது.

மருந்தின் ஆயுளைக் குறைப்பவை எவை? வெப்பம், வெளிச்சம், காற்று, ஈரம், கிருமி. உறைதலையும் சேர்த்து எழுதினாள்.

முப்பத்தோராம் கேள்வியை அவள் இரண்டு தரம் வாசித்தாள்.

'வீட்டில் நரம்புவழி உணவேற்றும் நோயாளி ஒருவர், தன் பை உறைந்து பின்னர் இளகியதாகச் சொல்கிறார். மேற்பரப்பில் மஞ்சள் நிறமான மெல்லிய படை தெரிகிறது. நீங்கள் என்ன ஆலோசனை சொல்வீர்கள்? அ. மெதுவாகப் புரட்டிக் கலந்து ஏற்றச் சொல்வேன்...'

முதல் விடை அவளுடைய சொந்த வார்த்தை. பிரெஞ்சில் எழுதியிருந்தாலும் அவளுடைய குரலிலேயே கேட்டது.

இளகப் போட்டனான்.

இரவிச்சந்திரன் சூடாக்கினேன் என்று சொல்லவில்லை. குளிர் போகட்டும் என்று வைத்தேன் என்றும் சொல்லவில்லை. இளகப் போட்டேன் என்றார். உறையாத ஒன்றை யாரும் இளகப் போடுவதில்லை. காலை முதல் பின்னேரம் வரை ஹீட்டருக்குப் பக்கத்தில். குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்த பைக்கு ஒரு மணித்தியாலம் போதுமே.

அந்தப் பட்டை மஞ்சளா? நினைத்து நினைத்துப் பார்த்தாள். படிக்கட்டு பல்ப்பின் கீழே எல்லாமே மஞ்சள்தான். அவருடைய முகமும், சுவரும், தன் கையும்.

முட்டையிலிருந்து எடுத்த ஒரு கொழுப்பு, ஒவ்வொரு எண்ணெய்த் துளியையும் தோல்போலச் சுற்றி நின்று, துளியோடு துளி ஒட்டாமல் காக்கிறது. நீர் உறையும்போது பனிப்பளிங்குகள் வளர்ந்து துளிகளை ஒன்றோடொன்று நெருக்கும். அந்தத் தோல் கிழியும். இளகியதும் துளிகள் ஒன்றுசேர்ந்து பெரிதாகும். அது ஆடை கட்டுவதல்ல, உடைவது. உடைந்தது திரும்பாது. பெருத்த துளி இரத்தத்தோடு ஓடி நுரையீரலுக்குப் போகும். அங்கே மயிரை விட மெல்லிய குழாய்களில் போய்ச் சிக்கும்.

இதெல்லாம் அவளுக்குத் தெரியும். நேற்றே தெரியும். அவள் கேட்டிருக்க வேண்டியது ஒரேயொரு கேள்வி. எங்கே வைத்திருந்தீர்கள்?

சுவர்க் கடிகாரத்தில் ஐந்து ஐம்பது. இரவிச்சந்திரன் ஐந்தரைக்கு ஏற்றிவிட்டு வேலைக்குப் புறப்படுவார். இப்போது அது ஓடிக்கொண்டிருக்கிறது.

கையை உயர்த்தினாள். மேற்பார்வையாளர் வந்து குனிந்தார்.

"எனக்குத் தொலைபேசி எடுக்க வேணும். ஒரு நோயாளிக்கு ஆபத்து" என்று பிரெஞ்சில் சொன்னாள். அவளுடைய பிரெஞ்சு தடுமாறியது.

அந்தப் பெண்மணி இரக்கமில்லாதவர் அல்ல. ஆனால் விதியை மெதுவாகவே சொன்னார். வெளியே போய்க் கைப்பேசியைத் தொட்டால் திரும்பி உள்ளே வர முடியாது. தாளை இப்போதே எடுத்துக்கொள்வார்கள்.

ஆர்த்திகா தாளைப் பார்த்தாள். முப்பது விடைகள். ஒரு கணம், ஒரே ஒரு கணம், அவளுக்குள் ஒரு குரல் சொன்னது: அது வெறும் ஆடையாகவும் இருக்கலாம். நீ எழுதி முடித்துவிட்டுப் போகலாம். அந்தக் குரலை அவள் பின்னர் யாருக்கும் சொல்லவில்லை. தாளைக் கொடுத்துவிட்டு எழும்பினாள்.

நடைபாதையில் நின்று முதலில் மாக்கிரட்டின் எண்ணுக்கு எடுத்தாள். மணி அடித்து அடித்து நின்றது. இரவிச்சந்திரன் எடுக்கவில்லை, கார் ஓட்டிக்கொண்டிருப்பார். மூன்றாவதாக வைத்தியசாலையின் வீட்டு உணவேற்றல் பிரிவு. இயந்திரக் குரல் காத்திருக்கச் சொல்லி இசை போட்டது. அந்த இசையோடே அவள் மெட்ரோவுக்கு ஓடினாள். நடைமேடையில் இறங்கும்போதுதான் தாதி ஒருத்தி இணைப்பில் வந்தாள். ஆர்த்திகா மூச்சு வாங்கியபடி சொன்னாள்: பை உறைந்திருக்கலாம், படை பிரிந்திருக்கிறது, நோயாளி வீட்டில் தனியே, ஏற்றல் தொடங்கிவிட்டது.

தாதியின் குரல் உடனே மாறியது. முகவரியை வாங்கினாள். அம்புலன்ஸைத் தானே அனுப்புவதாகச் சொன்னாள். முதலில் போய்ச் சேருபவர் பையிலிருந்து உணவைத் தள்ளும் இயந்திரத்தை நிறுத்த வேண்டும், நெஞ்சுக் குழாயின் பிடியை மூட வேண்டும். அதற்கு மேல் எதையும் கழற்றக் கூடாது. குழாயைக் கழுவி உப்புநீர் செலுத்தவும் கூடாது, செலுத்தினால் குழாயில் நிற்பது உள்ளே போய்விடும். பையை எறியவும் கூடாது.

"விளங்கியதா?" என்று கேட்டாள்.

"விளங்கியது."

ரயில் வந்தது. அக்காடிக்கு மூன்றே தரிப்பு. எதிரே ஒரு பெண் நத்தார்ப் பண்டிகைப் பரிசுப் பொதிகளை மடியில் அடுக்கி வைத்துக்கொண்டிருந்தாள். ஆர்த்திகா கைப்பேசியில் நேரத்தைப் பார்த்தாள். ஆறு ஐந்து. மாக்கிரட் ஒரு நாள் அந்த இயந்திரத்தைப் பற்றி அவளுக்கு விளக்கியிருந்தார். முதல் ஒரு மணித்தியாலம் மெதுவாக ஓடும், இரத்தத்தில் சீனி திடீரென்று ஏறக் கூடாதென்று. பிறகுதான் முழு வேகம். ஆறரைக்கு முழு வேகம்.

ஊத்திரமோன் தரிப்பில் இரவிச்சந்திரன் திருப்பி எடுத்தார்.

"என்ன பிள்ளை, எடுத்திருக்கிறியள்? இப்பதான் காரை நிப்பாட்டினன்."

"அண்ணை, அந்தப் பை எங்கை இருந்தது?"

"ஏன்?"

"எங்கை வைச்சிருந்தனீங்கள்? சொல்லுங்கோ."

அவர் சற்றுத் தயங்கினார். "மருந்துக்கெண்டு தந்த சின்னக் குளிர்பெட்டி சனிக்கிழமை பழுதாப் போச்சு. சமையலறைக் குளிர்பெட்டியிலை நத்தார்ச் சாமான் நிறைஞ்சு கிடக்கு, சாப்பாட்டோடை வைக்கவும் வேண்டாமெண்டு தாதி சொன்னவ. வெளியிலை மூண்டு பாகைதானே, பின் பல்கனியிலை பெட்டிக்குள்ளை போட்டு வைச்சனான். சனி, ஞாயிறு ஏத்தினது ஒண்டும் செய்யேல்லை. இண்டைக்குக் காலமை எடுக்கேக்கை கல்லு மாதிரி."

"பிரட்டிப் பார்த்தனீங்களோ?" என்று கேட்டாள் ஆர்த்திகா.

"நீங்கள் சொன்னமாதிரிப் பிரட்டினன்" என்றார் அவர். "முழுக்கக் கலக்கேல்லை. பேந்து நல்லாக் குலுக்கினன். அவவின்ரை வாய்ப்புண் மருந்துப் போத்திலிலை குலுக்கச் சொல்லித்தானே எழுதிக் கிடக்கு. அதுக்குப் பிறகு பால் மாதிரி வந்திட்டுது. ஏன் பிள்ளை, பிழையோ?"

வாய்ப்புண் மருந்து சஸ்பென்ஷன். அடியில் படிந்த தூள், குலுக்கினால் எழும்பும். இது அதுவல்ல. உடைந்த எண்ணெயைக் குலுக்கினால் கொஞ்ச நேரம் கண்ணுக்கு மட்டும் மறையும்.

"பிழை, அண்ணை. அக்காவுக்கு எடுத்து நிப்பாட்டச் சொல்லுங்கோ. எடுத்துக்கொண்டே இருங்கோ. அம்புலன்ஸ் வருது. நான் அக்காடியிலை இறங்கிறன்."

மறுமுனையில் கார்க் கதவு அறையும் சத்தம் கேட்டது. அழைப்பு நின்றது.

நிலையத்திலிருந்து வீடு நடந்தால் எட்டு நிமிடம். அவள் ஓடினாள், இரண்டு இடத்தில் சறுக்கி ஒரு தரம் முழங்கால் அடிபட விழுந்தாள். மேல்மாடியின் முன்கதவைத் தட்டினாள். மணியை அழுத்தினாள். உள்ளே எங்கோ கைப்பேசி அடித்துக்கொண்டிருந்தது. இரவிச்சந்திரனாக இருக்கும். யாரும் எடுக்கவில்லை. கதவில் காதை வைத்தாள். கைப்பேசி நின்றதும் இன்னொரு சத்தம் கேட்டது. ஒரே தாளத்தில், விடாமல், மெல்லிய கூக்குரல்போல. இயந்திரத்தின் எச்சரிக்கை ஒலி.

அது அடிக்கிறது, ஆனால் யாரும் நிறுத்தவில்லை.

கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு பின்சந்துக்கு ஓடினாள். பின்பக்க இரும்புப்படி பனியில் வழுக்கியது. கைப்பிடியைப் பிடித்தபோது கையுறை அதில் ஒட்டிக்கொண்டது. மேல் பல்கனியில் நீலப் பெட்டி இருந்தது. மூடி முழுவதும் பனி. அவள் அதைத் திறக்கவில்லை. படுக்கையறை ஜன்னலில் இரண்டு கையாலும் அடித்தாள்.

"அக்கா! மாக்கிரட் அக்கா!"

திரைச்சீலைக்குப் பின்னால் விளக்கு எரிந்தது. நிழலொன்று அசைந்தது. மிக மெதுவாக எழுந்தது. பல்கனிக் கதவு திறக்கும் வரைக்கும் ஒரு வருடம் போனதுபோல இருந்தது.

மாக்கிரட் வாசலில் கதவைப் பிடித்தபடி நின்றார். தோளில் பையும் இயந்திரமும் இருக்கும் முதுகுப்பை. ஒலி அதிலிருந்துதான் வந்தது. முகம் சாம்பல் பூத்திருந்தது.

"என்ன பிள்ளை, இந்தக் குளிருக்குள்ளை..." என்று தொடங்கியவர் பாதியில் மூச்சுக்கு நின்றார்.

"இருங்கோ, அக்கா. கதைக்காதேங்கோ."

ஆர்த்திகா அவரைக் கட்டிலில் இருத்தினாள். தாதிக்கு மீண்டும் அழைப்பெடுத்து ஒலிபெருக்கியில் போட்டாள். இயந்திரத்தை நிறுத்தினாள். சத்தம் ஓய்ந்ததும் அறை பயங்கரமாக அமைதியாகிவிட்டது. நெஞ்சுக் குழாயின் பிடியை மூடும்போது இரண்டு தரம் தவறியது. மூன்றாம் தரம் கிளிக்கென்று பூட்டியது.

அப்போதுதான் திரையைப் பார்த்தாள். ஓட்டம் அடைபட்டிருக்கிறது என்று எழுதியிருந்தது. குழாயில் இருந்த வட்ட வடிகட்டி வெள்ளையாக இல்லை. அதன் ஒரு பக்கம் மஞ்சளாகி எண்ணெய் மினுங்கியது. எண்ணெய் அதில் போய் அடைத்து, இயந்திரம் தள்ள முடியாமல் கத்தியிருக்கிறது.

"எவ்வளவு நேரமாக் கத்துது, அக்கா?"

"ரெண்டு தரம் முன்னமும் கத்தினது. நிப்பாட்டிப் போட்டுத் திருப்பி ஓட விட்டனான். பேந்து நெஞ்சுக்குள்ளை ஒரு இறுக்கம். வாயு எண்டு நினைச்சுக் கண்ணை மூடினன்."

நேரம் ஆறு இருபத்தொன்பது.

தாதி இரத்தச் சீனியைப் பார்க்கச் சொன்னாள். மாக்கிரட்டின் மேசையில் கருவி இருந்தது. திடீரென்று நிறுத்தினால் சீனி விழக்கூடும். விழவில்லை. உதட்டின் நிறத்தைக் கேட்டாள். மூச்சை எண்ணச் சொன்னாள். நிமிடத்துக்கு இருபத்தெட்டு. ஆர்த்திகா ஒவ்வொன்றாக எண்ணினாள். எண்ணிக்கை நின்றுவிடுமோ என்ற பயத்தில் மாக்கிரட்டின் நெஞ்சிலிருந்து கண்ணை எடுக்கவேயில்லை.

அம்புலன்ஸ்காரர் வந்து முகமூடி வைத்து ஒட்சிசன் கொடுத்துத் தூக்கிக்கொண்டு போனார்கள். பையை அப்படியே குழாயோடு சேர்த்து ஒரு பொலித்தீன் உறையில் எடுத்துப் போனார்கள். இரவிச்சந்திரன் வேலை உடுப்போடு வந்து சேர்ந்தபோது வாகனத்தின் கதவு மூடிக்கொண்டிருந்தது. அவர் ஆர்த்திகாவைப் பார்த்தார். மனைவியோடு ஏறிக்கொண்டார்.

மாக்கிரட்டை இரண்டு நாள் கண்காணிப்பில் வைத்தார்கள். முதல் இரவு ஒட்சிசன் குறைந்து குறைந்து ஏறியது. இரண்டாம் நாள் காலை நெஞ்சு இறுக்கம் விட்டது. முதல் மணித்தியாலத்தின் மெதுவான ஓட்டத்தில் சிறு பகுதிதான் உள்ளே போயிருக்கும், மீதியை வடிகட்டி மறித்துவிட்டது என்று வைத்தியர் சொன்னார். ஆனால் வடிகட்டியை நம்பியிருக்க முடியாது, அமுக்கம் கூடினால் எண்ணெய் நெளிந்தும் தப்பிப் போகும் என்றும் சொன்னார்.

வியாழக்கிழமை வீட்டு உணவேற்றல் பிரிவின் மருந்தாளர் கிரிஜா ஆர்த்திகாவை வரச் சொன்னார். சென்னையில் பிறந்து இங்கேயே படித்தவர், நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியில் குடியிருப்பவர். மூக்குக்கண்ணாடியைத் தலைமேல் ஏற்றி வைத்திருந்தார். மேசைக்குப் பக்கத்தில் ஒரு கொக்கியில் அந்தப் பை தொங்கியது. மேலே இரண்டு விரல் தடிப்பில் மஞ்சள் எண்ணெய் தெளிவாக மிதந்தது. கீழே கலங்கிய தண்ணீர்.

"எவ்வளவு குலுக்கினாலும் இது கொஞ்ச நேரம்தான் பால் மாதிரி நடிக்கும்" என்றார் கிரிஜா. "நீங்க பரீட்சையை விட்டுட்டு ஓடி வந்தீங்கன்னு தாதி சொன்னாங்க. அதுக்கு நன்றி சொல்லத்தான் கூப்பிட்டேன்."

ஆர்த்திகாவுக்கு அந்த நன்றியை வாங்கிக்கொண்டு எழுந்து போகவும் வழி இருந்தது. இரவிச்சந்திரன் வைத்தியசாலையில் யாரிடமும் அவளுடைய பெயரைச் சொல்லவில்லை என்பது அவளுக்குத் தெரியும்.

"நான்தான் ஏத்தலாமெண்டு சொன்னது" என்றாள். "பின்னேரம் மூண்டரைக்கு அவர் எனக்குக் காட்டினவர். கிரீமிங் எண்டு சொல்லிப் பிரட்டச் சொன்னனான்."

கிரிஜா கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கொண்டார்.

"கிரீமிங்னா அது சரியான பதில். கிரீமிங்னு எதை வச்சு முடிவு பண்ணீங்க?"

"பார்த்து."

"எந்த வெளிச்சத்துல?"

"படிக்கட்டு பல்ப்பிலை."

"எங்க வச்சிருந்தாங்கன்னு கேட்டீங்களா?"

"கேக்கேல்லை. அவர் சொல்ல வந்தவர். நான் நிண்டு கேக்கேல்லை."

"பிரட்டினதுக்கு அப்புறம் கலந்துச்சான்னு பார்த்தீங்களா?"

ஆர்த்திகா தலையாட்டினாள், இல்லையென்று.

"நான் இதை எழுதணும்" என்றார் கிரிஜா. "உங்க பேரையும். குளிர்பெட்டி பழுதானா யாருக்குப் போன் பண்ணணும்னு அவங்களுக்கு நாங்க ஒழுங்கா சொல்லல, அதையும் எழுதுறேன். நீங்க வேலை செய்யுற கடைக்கும் தெரியப்படுத்துவாங்க. உங்க வகுப்புக்குப் போகுமான்னு எனக்குத் தெரியாது. போகலாம்."

"எழுதுங்கோ" என்றாள் ஆர்த்திகா.

அன்று பின்னேரமே மேல்மாடிக்குப் போனாள். மாக்கிரட் சாய்வுநாற்காலியில் இருந்தார். இரவிச்சந்திரன் கதவைத் திறந்துவிட்டுச் சமையலறைக்குள் போய்விட்டார். அவளோடு இன்னும் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை.

"அக்கா, உங்களிட்டை ஒண்டு சொல்ல வேணும்" என்று தொடங்கினாள்.

"எனக்குத் தெரியும், பிள்ளை" என்றார் மாக்கிரட். "அவர் ஏத்தேக்கையே சொன்னவர், கீழை ஆர்த்திகா பார்த்தவ, ஒண்டுமில்லையாம் எண்டு."

"ஓம்."

"அதாலைதான் அது கத்தேக்கையும் எனக்குப் பயம் வரேல்லை. மருந்து படிச்ச பிள்ளை பார்த்துச் சொன்னது, இது இயந்திரக் கோளாறாத்தான் இருக்கும் எண்டு நினைச்சுத் திருப்பித் திருப்பி ஓட விட்டனான்."

அவர் குற்றம் சொல்வதுபோலச் சொல்லவில்லை. நடந்ததை நடந்தபடி சொன்னார். ஆர்த்திகாவுக்கு அது ஏதோவொன்றைக் கொண்டு முகத்தில் அடித்ததை விடக் கடினமாக இருந்தது. தன் ஒரு சொல் பையோடு மேலே போய், எச்சரிக்கை ஒலியைக்கூட வாயடைக்கச் செய்திருக்கிறது. மாக்கிரட்டின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். மாக்கிரட் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

சமையலறையிலிருந்து இரவிச்சந்திரன் வந்து வாசலில் நின்றார்.

"நானும் அண்டைக்கே சொல்லியிருக்க வேணும், பல்கனியிலை வைச்சதெண்டு" என்றார். "திட்டுவியளோ எண்டு இளகப் போட்டதெண்டு மட்டும் சொன்னனான்."

பல்கலைக்கழகம் கிரிஜாவின் அறிக்கையையும் வாங்கி, நடந்ததைச் சொல்லி அவள் எழுதிய கடிதத்தையும் வாங்கி, இரண்டு மாதம் வைத்திருந்தது. அந்த இரண்டு மாதமும் கதவில் தபால் விழும் சத்தம் கேட்டாலே அவள் ஓடிப்போய்ப் பார்த்தாள். கடைசியில் வந்த கடிதத்தில், எச்சரிக்கை ஒன்று பதிவிடப்பட்டது என்றும், சித்திரையில் மறுபடி சோதனை எழுதலாம் என்றும் இருந்தது. எழுதினாள். சித்தியடைந்தாள். புள்ளி பெரிதாக வரவில்லை, ஒவ்வொரு கேள்வியிலும் தேவைக்கு அதிகமாக நின்றுவிட்டாள்.

வைகாசியில் ஒரு நாள் இரவிச்சந்திரன் மறுபடியும் கதவைத் தட்டினார். கையில் பை.

"புதுப் பெட்டி நாலு பாகையிலைதான் நிக்குது" என்றார் அவர், அவள் கேட்க முன்னமே. "ஆனால் ஒருக்காப் பாருங்கோ."

அவள் பையை வாங்கி ஜன்னலோரம், வெயில் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனாள். எப்போது வந்தது, எப்போது எடுத்தது, ஹீட்டருக்குப் பக்கத்தில் வைத்ததா, எல்லாவற்றையும் கேட்டாள். மெதுவாகப் புரட்டினாள். பிறகு மேசையில் வைத்துவிட்டு, இருவரும் பத்து நிமிடம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெள்ளை வெள்ளையாகவே இருந்தது.

"என்ரை கண்ணுக்குப் பிழை தெரியேல்லை, அண்ணை" என்றாள். "ஆனால் என்ரை சொல்லிலை ஏத்தாதேங்கோ. கிரிஜாவுக்கு எடுத்துக் கேட்டிட்டு ஏத்துங்கோ."

இரவிச்சந்திரன் கைப்பேசியை எடுத்து எண்ணை அழுத்தினார். மறுமுனையில் குரல் கேட்கும் வரை ஆர்த்திகா அவருக்குப் பக்கத்திலேயே நின்றாள்.